தோப்புக் கேமராவின் 24 மணி நேரம்: அசைவை மட்டும் எடுத்துவைக்க எந்த வழி?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று வண்டிப் பாதையையும் கேட்டையும் பார்க்கிறது. மற்றொன்று மோட்டார் அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்கிறது. இரண்டும் 1080 வரிக் காட்சி, நொடிக்கு 15 பிரேம், நொடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் பதிவாகின்றன. கணக்குப் போட்டால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 900 எம்பி, நாளுக்கு 21.6 ஜிபி. இரண்டுக்கும் சேர்த்து 43.2 ஜிபி. ரெக்கார்டருக்குள் இருக்கும் 1 டிபி டிஸ்க் 23 நாளில் நிரம்பிவிடுகிறது. 24ஆம் நாள், முதல் நாளின் மேல் எழுதத் தொடங்குகிறது.

எங்களுக்கு 23 நாள் போதாது. காய் பறிப்பு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு முறை. எத்தனை வண்டி, எந்த நேரத்தில், எத்தனை நடை என்பதில் சந்தேகம் வந்தால், அது பெரும்பாலும் அடுத்த பறிப்பின்போதுதான் வருகிறது. காட்டுப்பன்றிகள் எந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகின்றன என்று பார்க்க வேண்டுமானால் ஓர் ஆண்டுப் பதிவாவது கையில் இருக்க வேண்டும். ஓர் ஆண்டை முழுதாக வைத்திருப்பதென்றால் கிட்டத்தட்ட 16 டிபி ஆகும்.

ஆனால் கேட்டில் ஒரு நாளில் உண்மையாக ஏதாவது நடக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. மீதி 23 மணி நேரமும் வெற்றுப் பாதை. அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்து வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 900 எம்பிதான். இரண்டு கேமராக்களின் ஓராண்டுப் பதிவு 660 ஜிபிக்குள், அதாவது இப்போது இருக்கும் டிஸ்கின் அளவுக்குள்ளேயே, அடங்கிவிடும். எந்தக் கருவி அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடாமல் பிரித்துத் தரும் என்பதுதான் கேள்வி. நான்கு வழிகளை முயன்று பார்த்தேன். அவை நான்கும் சமமானவை அல்ல.

முதல் வழி, எல்லோரும் முதலில் தொடும் வழி: கேமராவிலோ ரெக்கார்டரிலோ இருக்கும் ‘அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்’ என்ற அமைப்பு. மெனுவில் ஒரு பொத்தானை மாற்றினால் போதும். கணினி வேண்டாம், வேறு மென்பொருள் வேண்டாம். ரெக்கார்டர் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, நாம் தேர்ந்தெடுத்த கட்டங்களில் மாற்றம் தெரிந்தால் பதிவைத் தொடங்குகிறது. முன்பதிவு என்ற பெயரில், அசைவுக்கு முந்தைய சில நொடிகளையும் நினைவிலிருந்து எடுத்துச் சேர்க்கிறது.

இதை நாங்கள் ஏழு மாதங்கள் வைத்திருந்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் மாதம் தொடங்கிக் காற்று அடிக்கும்போது மட்டைகள் ஓயாமல் ஆடும். ரெக்கார்டர் நாள் முழுக்கப் பதிவு செய்துகொண்டே இருந்தது. அதனால் உணர்திறனைக் குறைத்தேன். பதிவு அளவு அழகாக இறங்கியது. ஆகஸ்டில் ஓர் இரவு மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பார்த்தால், இருவர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறும் 11 நொடி மட்டும் இருந்தது, அதுவும் முதுகுப் பக்கம். உள்ளே வந்தபோது ஓரமாக, மெதுவாக வந்திருக்கிறார்கள். நான் குறைத்து வைத்த உணர்திறனுக்கு அது அசைவாகப் படவில்லை. அவர்கள் முகம் தெரிந்திருக்கக்கூடிய அந்த நேரம் டிஸ்கில் எழுதப்படவே இல்லை. எழுதப்படாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அன்றைக்கே நான் ஒன்றை முடிவு செய்தேன். எதை விடலாம் என்று பதிவாகும் நேரத்தில் தீர்மானிக்கக் கூடாது. முழுவதையும் பதிவு செய்து, சில நாள் வைத்திருந்து, பிறகு சலிக்க வேண்டும். சல்லடை பெரிதாகப் போய்விட்டால் இன்னொரு முறை சலித்துக்கொள்ளலாம், மூட்டை இன்னும் நம்மிடம் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பாட்டரியில் ஓடும் கேமராவுக்கு வேறு வழியில்லை. அது ஓய்வில் கிடந்து, உடல் வெப்பத்தை உணர்ந்துதான் விழித்தாக வேண்டும். கரண்ட் இருக்கும் இடத்தில் அந்த நிர்ப்பந்தம் இல்லை.

பதிவுக்குப் பின் சலிப்பதற்கு, காணொளி வேலை தெரிந்தவர்கள் உடனே சொல்லும் பெயர் `ffmpeg`. இலவசம், எல்லாக் கணினியிலும் ஓடும், ஒரே வரியில் வேலை முடியும் என்பார்கள். இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் வரி இப்படி இருக்கும்:

```
ffmpeg -i gate.mp4 -vf "select='gt(scene,0.01)',setpts=N/FRAME_RATE/TB" -an out.mp4
```

முந்தைய பிரேமுக்கும் இந்தப் பிரேமுக்கும் உள்ள வேறுபாடு 0.01ஐத் தாண்டினால் மட்டும் பிரேமை வைத்துக்கொள் என்பது இதன் பொருள். கேட்பதற்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் `scene` என்ற அந்த எண் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தால் ஏமாற்றம் புரியும். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்கும் வெட்டுப் புள்ளியைக் கண்டுபிடிக்கவே அது உருவானது. அது இரண்டு எண்களைக் கணக்கிட்டு, அவற்றில் சிறியதை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, முழுப் படத்தின் சராசரி வேறுபாடு. மற்றொன்று, அந்த வேறுபாடு முந்தைய பிரேமின் வேறுபாட்டிலிருந்து எவ்வளவு மாறியது என்பது. ஒருவர் சீராக நடந்துபோனால் ஒவ்வொரு பிரேமிலும் வேறுபாடு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அப்போது இரண்டாவது எண் சுழிக்கு அருகே போய்விடும். சீரான அசைவைப் புறக்கணிக்கவே செய்யப்பட்ட அளவுகோலை வைத்து நாம் அசைவைத் தேடுகிறோம்.

இரண்டாவது சிக்கல் சராசரி. கேட்டில் நிற்கும் ஒரு மனிதர் என் படத்தில் 40 புள்ளி அகலம், 100 புள்ளி உயரம்தான், அதாவது 4,000 புள்ளிகள். மொத்தப் படம் 20 லட்சத்துக்குமேல். அந்த 4,000 புள்ளியும் வெளிச்சத்தில் 50 படி மாறினாலும், முழுப் படத்துக்குப் பங்கிட்டால் சராசரி 0.1 படிதான் வரும். அதை 100ஆல் வகுத்த பின் `scene` எண் 0.001. நாம் கொடுத்த எல்லையோ 0.01. அவர் பத்து முறை கேட்டைத் திறந்து மூடினாலும் அந்த வரி அவரைப் பார்க்காது. எல்லையை 0.001க்கு இறக்கினால் மேகம் விலகி வெயில் விழும் ஒவ்வொரு முறையும் பிடிபடும்.

`ffmpeg`க்குள்ளேயே `mpdecimate` என்று மற்றொரு வடிகட்டி உண்டு. அது சராசரி பார்ப்பதில்லை. படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஏதேனும் ஒரு கட்டம் போதிய அளவு மாறியிருந்தாலே பிரேமை வைத்துக்கொள்கிறது. சிறிய அசைவுக்கு இது நல்லது. ஆனால் கேமரா தன் படத்தின் மூலையில் தேதியும் நேரமும் அச்சிடுகிறதே, அந்த நொடி இலக்கம் மாறும்போதெல்லாம் ஒரு கட்டம் பெரிதாக மாறுகிறது. எதுவுமே நடக்காத இரவிலும் நொடிக்கு ஒரு பிரேமாவது தங்கிவிடும். கடிகாரத்தை மறைத்துவிட்டால், அடுத்து இருட்டில் சென்சார் உண்டாக்கும் புள்ளி இரைச்சல் வந்து நிற்கும். இவற்றையெல்லாம் தாண்டினாலும், இரண்டு வடிகட்டிகளும் தனித்தனிப் பிரேம்களை எடுத்து ஒட்டுகின்றன. நடப்பவர் தாவித் தாவிப் போவார், சுற்றியுள்ள நேரம் காணாமல் போயிருக்கும். ஒரு நாள் முழுவதையும் இரண்டு நிமிடத்தில் ஓட்டிப் பார்க்க இது உதவும். சேமித்து வைக்கும் பதிவாக நான் இதை ஏற்கமாட்டேன்.

இப்போது நான் தங்கியிருக்கும் மூன்றாவது வழிக்கு வருகிறேன். `dvr-scan` என்பது இதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள். பதிவான கோப்பைக் கொடுத்தால், அசைவு உள்ள பகுதிகளைத் தொடக்க, முடிவு நேரங்களுடன் பட்டியலிடுகிறது. விரும்பினால் அவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டித் தருகிறது. முந்தைய பிரேமோடு ஒப்பிடுவதற்குப் பதிலாக, இந்த இடம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று இது கற்றுக்கொள்கிறது. அதுதான் மற்றவற்றிலிருந்து இதைப் பிரிக்கும் வேறுபாடு. ஒவ்வொரு புள்ளிக்கும் அண்மைக் காலத்தில் வந்த நிறங்களின் பரவலை நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் நிறம் அந்தப் பரவலுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறது. அடங்காத புள்ளிகளை வெள்ளையாகக் குறித்து, தனித்துச் சிதறிய வெள்ளைப் பொட்டுகளைத் துடைத்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று அளக்கிறது. அந்த அளவு `-t` என்ற எல்லையைத் தாண்டி, `-l` என்ற நேரத்துக்குமேல் நீடித்தால் அது ஒரு நிகழ்வு.

ஜூன் மாதத்தின் ஒரு காற்று நாளை எடுத்துக்கொண்டு, கேட் கேமராவில் இதை முதலில் அப்படியே ஓட்டினேன். இயல்பாக வரும் எல்லை 0.15. நானூறுக்குமேல் நிகழ்வுகள், மொத்தம் ஒன்பது மணி நேரம். இந்த நிலையில் பலர் எல்லையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நானும் ஏற்றினேன். 1.0 வந்தபோது நிகழ்வுகள் முப்பதாகக் குறைந்தன, ஆனால் காலையில் பால் கறக்க வருபவர் அந்த முப்பதில் இல்லை. முதல் வழியில் செய்த அதே தவறு. உணர்திறனைக் குறைத்தால் முதலில் மறைவது காற்று அல்ல, தொலைவில் இருக்கும் மனிதர்.

எல்லையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, `-mo` என்ற விருப்பத்தைப் போட்டு மென்பொருள் எதை வெள்ளையாகப் பார்க்கிறது என்பதைத் தனிக் காணொளியாக எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. படத்தின் மேல்பாதி முழுக்க மட்டைகள் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. மூலையில் கடிகாரம் நொடிக்கொரு முறை மின்னியது. கீழே பாதையில் அசைவே இல்லை. ஆள் நடக்க முடியாத இடத்தை ஏன் பார்க்க வேண்டும்?

`-r` என்று கொடுத்தால் முதல் பிரேம் ஒரு சாளரத்தில் திறக்கிறது. அதில் புள்ளி புள்ளியாக வைத்து, பார்க்க வேண்டிய பகுதியை வரைந்துவிடலாம். பாதையின் மண் தரை, கேட்டின் அகலம், அதன்மேல் ஓர் ஆள் உயரம், அவ்வளவுதான் வரைந்தேன். மட்டைகளும் கடிகாரமும் வெளியே போயின. பகுதி சிறுத்ததால் அதே மனிதர் அதில் பெரிய பங்கை அடைத்துக்கொள்கிறார், ஆகவே எல்லையை 0.3க்கு உயர்த்தியும் பால்காரர் தவறவில்லை. வரைந்ததைக் கோப்பில் சேமித்துவிட்டால் ஒவ்வொரு நாளும் திரும்ப வரைய வேண்டியதில்லை. கட்டளை இப்படி ஆயிற்று:

```
dvr-scan -i gate.mp4 -so --load-region gate.txt -df 4 -t 0.3 -l 1s
```

`-so` என்பது வெட்டாமல் பட்டியல் மட்டும் கொடு என்பது. `-df 4` என்பது படத்தை அகலத்திலும் உயரத்திலும் நான்கில் ஒன்றாகச் சுருக்கிப் பார் என்பது. பார்க்க வேண்டிய புள்ளிகள் பதினாறில் ஒரு பங்காகின்றன, வேலை வேகமாகிறது, சிறு இரைச்சலும் சுருங்குவதிலேயே அடிபடுகிறது. நிகழ்வுகள் நானூறிலிருந்து 96 ஆயின, நேரம் இரண்டு மணிக்குச் சற்றுமேல்.

அந்த 96இல் பகல் நிகழ்வுகள் எல்லாம் நியாயமானவை. இரவு நிகழ்வுகளில் பெரும்பாலானவை சிலந்தி. கேமராவின் கண்ணைச் சுற்றியிருக்கும் அகச்சிவப்பு விளக்குகளுக்குப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிக்காகச் சிலந்தி அங்கேயே வலை கட்டுகிறது. கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் அந்த இழை விளக்கொளியில் வெண்கயிறுபோலப் பளபளத்து, காற்றில் படத்தின் குறுக்கே ஆடுகிறது. எந்த எல்லை எண்ணும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் அந்த இழை மனிதரைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றை இரண்டு மீட்டர் தள்ளி, வேறு கம்பத்தில் பொருத்தினோம். பூச்சிகள் அங்கே போயின, சிலந்தியும் பின்னாலேயே போனது. வாரம் ஒரு முறை ஒட்டடைக் குச்சியால் கேமராவைத் துடைக்கிறோம். அதற்குப் பிந்தைய ஒரு காற்று நாளில் 41 நிகழ்வுகள், 48 நிமிடம். ஒன்பது மணி நேரம் 48 நிமிடம் ஆனதில் எல்லை எண்ணின் பங்கு மிகக் குறைவு. பகுதியை வரைந்ததும் விளக்கை நகர்த்தியதும்தான் அதைச் செய்தன.

குறைவாக வருவதில் மகிழ்வதற்கு முன், எது விடுபட்டது என்று பார்க்க வேண்டும். அதற்கு நான் செய்த சோதனை எளியது. அந்தி சாய்ந்த பிறகு, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, வேலி ஓரமாக மெதுவாக நடந்தேன், திருடன் எப்படி வருவானோ அப்படி. நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டு நடந்தேன். பட்டியலில் மூன்று இருந்தன. நான்காவது, வரைந்த பகுதிக்கு வெளியே வேலிக்கும் பாதைக்கும் இடையில் போனது. பகுதியை வேலிவரை நீட்டினேன், மறுநாள் நான்கும் வந்தன.

மற்றொரு சோதனை தானாகவே நடக்கிறது. மாலையில் வெளிச்சம் குறையும்போது கேமரா வண்ணத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்கு மாறுகிறது, காலையில் திரும்புகிறது. அந்த நொடியில் படம் முழுவதும் மாறுவதால் நாளுக்கு இரண்டு பொய் நிகழ்வுகள் நிச்சயம் வரும். இவற்றை நான் நீக்க முயலவில்லை. ஒரு நாள் பட்டியலில் இந்த இரண்டும் இல்லையென்றால் கோப்பு பழுதாகியிருக்கிறது அல்லது தவறான பகுதிக் கோப்பைக் கொடுத்துவிட்டேன் என்று உடனே தெரிகிறது.

இந்த முறைக்கே உரிய ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பின்னணியைக் கற்றுக்கொண்டே இருப்பதால், வந்து நின்றுவிட்ட பொருளையும் அது பின்னணியாகக் கற்றுவிடுகிறது. அதன் நினைவு ஏறக்குறைய 500 பிரேம்கள், நொடிக்கு 15 என்றால் 33 நொடி. ஒரு லாரி வந்து நின்று அரை நிமிடம் ஆனால் அது மரத்தைப் போல ஆகிவிடும். அதைச் சுற்றி ஆட்கள் காய் ஏற்றிக்கொண்டிருந்தால் கவலையில்லை, அவர்கள் அசைகிறார்கள். ஆனால் ஒருவர் கேட்டருகே அசையாமல் ஒரு நிமிடம் நின்றால் நிகழ்வு முடிந்துவிடும், அவர் மீண்டும் நகரும்போது வேறொரு நிகழ்வு தொடங்கும். இடையே ஒரு வெட்டு விழும். இதற்காகத்தான் நிகழ்வுக்குப் பின் சேர்க்கும் நேரமான `-tp`ஐ இயல்பான 2 நொடியில் விடாமல் 20 நொடியாக வைத்திருக்கிறேன். முன்னால் சேர்க்கும் `-tb` 5 நொடி. இதனால் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுகிறது. கேபிள் போன இரவை நினைத்தால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பட்டியல் சரியென்று தெரிந்த பிறகு வெட்டும் வேலை. இதிலும் ஒரு தேர்வு இருக்கிறது, கவனிக்காவிட்டால் தரம் போய்விடும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் மென்பொருள் படத்தைப் பிரித்துப் பழைய கோடெக்கில் புதிதாகச் சுருக்கி, ஒலியை விட்டுவிட்டு எழுதுகிறது. துண்டு மூலத்தைவிடப் பெரிதாகவும், தரத்தில் மோசமாகவும் வருவதுண்டு. `-m copy` என்று கொடுத்தால், கணினியில் `ffmpeg` இருக்கும்பட்சத்தில், மூலக் கோப்பின் பிட்டுகளையே அப்படியே நகலெடுக்கிறது:

```
dvr-scan -i gate.mp4 -m copy -d clips --load-region gate.txt -df 4 -t 0.3 -l 1s -tb 5s -tp 20s
```

நகலெடுப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட பிரேமில்தான் வெட்டு சுத்தமாகத் தொடங்க முடியும். என் கேமராவில் அத்தகைய பிரேம் 2 நொடிக்கு ஒரு முறை வருகிறது, ஆகவே வெட்டு இரண்டு நொடி முன்பின் ஆகலாம், 5 நொடி முன்சேர்ப்பு அதை விழுங்கிவிடும். இடத்தை மிச்சப்படுத்துவதற்கென்று சில கேமராக்களில் இருக்கும் ‘பிளஸ்’ வகைச் சுருக்க முறைகள் இந்த இடைவெளியை மிக நீளமாக்கிவிடுகின்றன. துண்டின் தொடக்கத்தில் படம் சாம்பலாகவோ உறைந்தோ இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த முறையை அணைத்துவிட்டேன். ரெக்கார்டர் மணிக்கொரு கோப்பாக எழுதுவதால், மணி மாறும்போது நடக்கும் நிகழ்வு இரண்டு துண்டாகும். அதைச் சகித்துக்கொள்ளலாம்.

நான்காவது வழியைச் சிலர் முதலாவதாகவே யோசிக்க வேண்டும். எதையும் வெட்டாமல் முழுப் பதிவையும் நல்ல கோடெக்கில் மறுபடி சுருக்குவது அது:

```
ffmpeg -i gate.mp4 -c:v libx265 -crf 28 -g 300 -c:a copy gate_small.mp4
```

ரெக்கார்டர் காலியான பாதைக்கும் நொடிக்கு 2 மெகாபிட் செலவழிக்கிறது. அசையாத படத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. மேலே உள்ள வரி, தேவைக்கேற்ப மட்டும் செலவழிக்கிறது. எந்த நொடியும் காணாமல் போகாது, எந்த எல்லை எண்ணிலும் தவறு நேராது என்பது இதன் பெரிய பலம். ஆனால் ஒரு கேமராவின் ஒரு நாளில் 12,96,000 பிரேம்கள் இருக்கின்றன. நொடிக்கு 60 பிரேம் சுருக்கும் கணினியில் அதற்கு ஆறு மணி நேரம், இரண்டு கேமராவுக்கு நாளின் பாதி. இரவுக் காட்சியின் புள்ளி இரைச்சல் சுருங்க மறுக்கிறது என்பதால் இரவில் ஆதாயம் குறைவு. எனக்கு 21.6 ஜிபி நாள் ஆறு ஜிபிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. வெட்டினால் ஏறக்குறைய ஒரு ஜிபி. தோப்பில் வெட்டுவதே லாபம்.

ஆனால் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவைப் பார்க்கும் கேமராவுக்குக் கணக்கு நேர்மாறாகும். காலை ஏழு முதல் இரவு பத்துவரை யாராவது அசைந்துகொண்டே இருப்பார்கள். அங்கே அசைவை வெட்டி எடுத்தால் 24 மணி நேரம் 15 மணி நேரமாகும், அதற்காக இவ்வளவு வேலை தேவையில்லை. மறுசுருக்கமே அங்கே பொருத்தம். எது உங்களுக்கு என்று அறிய, ஒரு சாதாரண நாளை `-so` போட்டு ஓட்டிப் பாருங்கள். அசைவு நேரம் நாளில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் வெட்டுங்கள். நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் மறுபடி சுருக்குங்கள். இடைப்பட்டதென்றால் நான் வெட்டாத பக்கமே சாய்வேன், எந்த நொடியையும் இழக்காத வழி அது.

இப்போதைய எங்கள் நடைமுறை இது. ரெக்கார்டர் எப்போதும்போல 24 மணி நேரமும் எழுதுகிறது, 23 நாள் வைத்திருக்கிறது. வீட்டுக் கணினி ஒவ்வொரு இரவும் முந்தைய நாளின் கோப்புகளை இழுத்து, ஒவ்வொன்றாக `dvr-scan` வழியே விட்டு, துண்டுகளைத் தேதிக் கோப்புறையில் போடுகிறது. ஏதாவது விடுபட்டதாகச் சந்தேகம் வந்தால் மூலத்துக்குத் திரும்ப எனக்கு 23 நாள் இருக்கிறது. அந்த அவகாசத்துக்குள் இரண்டு முறை எல்லையைத் திருத்தி மீண்டும் ஓட்டியிருக்கிறேன்.

திருட்டோ விபத்தோ நடந்த நாளுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. அன்றைய மூலக் கோப்பை வெட்டாமல், சுருக்காமல், ரெக்கார்டரிலிருந்து நேரடியாக எடுத்துத் தனி டிஸ்கில் வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் இணைக்க வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணும், கேட்கப்படுகிறது. வெட்டிய துண்டின் ஹாஷ் மூலத்தின் ஹாஷ் ஆகாது. விண்டோஸ் கணினியில் அதை எடுக்க ஒரு வரி போதும்:

```
certutil -hashfile gate.mp4 SHA256
```

வரும் நீண்ட எண்ணை, எடுத்த தேதியோடும் நேரத்தோடும் ஒரு தாளில் எழுதி, அந்த டிஸ்கோடு சேர்த்து உறையில் போட்டு வைக்கிறேன். மாதத்தில் ஒரு நாள், நினைத்த ஏதோ இரண்டு மணி நேரத்தின் மூலப் பதிவை எடுத்து, பதினாறு மடங்கு வேகத்தில் ஓட்டி, கண்ணில் பட்ட ஒவ்வொரு அசைவும் துண்டுகளில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறேன். அதற்கு எட்டு நிமிடத்துக்குக் கீழேதான் ஆகிறது. போன மாதம் அப்படிப் பார்த்தபோது, புதிதாக வளர்ந்த ஒரு வாழை இலை வரைந்த பகுதிக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பகுதியை மாற்றவில்லை, இலையை வெட்டிவிட்டோம்.